பாய்லர் பழுது பார்த்த செலவு தையல் பிரிவின் தலையில் ஏன் விழுகிறது? நேரடி முறையும் ஸ்டெப்-டவுன் முறையும்

திருப்பூர்ப் பக்கம் ஒரு பின்னலாடை ஆலையில் காஸ்டிங் பார்த்துக்கொண்டிருந்தபோது, மாதாந்திரச் செலவுப் பட்டியலைத் தூக்கிக்கொண்டு தையல் பிரிவு மேனேஜர் என் மேஜைக்கு வந்தார். "ஏனுங்க, ஃபிட்டருங்க ரெண்டு பேரும் காலையிலருந்து பாய்லர்லயேதான் கிடக்கறாங்க. என் லைன்ல ஓவர்லாக் மெஷின் நின்னா கூப்பிட்டாலும் வர்றதில்ல. அப்புறம் பராமரிப்புச் செலவுல பாதி என் பிரிவுக்குன்னு போட்டிருக்கீங்க?"

பட்டியலில் கூட்டல் பிழை ஏதும் இல்லை. நாங்கள் பயன்படுத்திய முறையே அப்படிப்பட்டது. பாய்லர் ஒரு சேவைத் துறை, பராமரிப்பும் ஒரு சேவைத் துறை. ஒரு சேவைத் துறை இன்னொன்றுக்குச் செய்த வேலையை நேரடி முறை பார்ப்பதே இல்லை. பாய்லரில் ஃபிட்டர்கள் செலவழித்த மணி நேரங்கள் கணக்கிலிருந்து காணாமல் போய், அந்தப் பணம் சாயப்பிரிவுக்கும் தையலுக்கும் பிரிந்துவிட்டது. அந்த மேனேஜர் கேட்ட கேள்விக்கு ஸ்டெப்-டவுன் முறை ஓரளவு சரியான பதில் தருகிறது. அது எப்படி, எந்த அளவுக்கு என்பதை ஓர் ஆலையின் ஒரு மாதக் கணக்கை வைத்துப் படிப்படியாகப் பார்ப்போம். கணக்குப் போட வசதியாக எண்களை முழுதாக்கி வைத்திருக்கிறேன். துறைகளும் அவற்றுக்கிடையே வேலை போய்வரும் விதமும் நிஜ ஆலையில் இருப்பவைதான்.

முதலில் எந்தச் செலவு எங்கே இருக்கிறது

ஆலையில் பொருளைத் தொட்டு வேலை செய்யும் துறைகள் இரண்டு: துணிக்குச் சாயம் ஏற்றும் பிரிவு, தைத்து அயர்ன் செய்து பேக் செய்யும் தையல் பிரிவு. இவை உற்பத்தித் துறைகள். இவற்றின் செலவைத்தான் கிலோவுக்கு இவ்வளவு, பீஸுக்கு இவ்வளவு என்று பொருளின் மீது ஏற்ற முடியும்.

மற்ற மூன்றும் சேவைத் துறைகள். பராமரிப்பில் ஃபிட்டர்களும் எலக்ட்ரீஷியன்களும் இருக்கிறார்கள். கேன்டீன் எல்லோருக்கும் சாப்பாடு போடுகிறது. பாய்லர் விறகை எரித்து ஸ்டீம் தருகிறது. இந்த மூன்றும் எந்த பீஸையும் தொடுவதில்லை. அதனால் இவற்றின் செலவு ஏதாவது ஒரு வழியில் சாயத்துக்கும் தையலுக்கும் போய்ச் சேர்ந்தாக வேண்டும்.

அந்த மாதம் பராமரிப்பின் செலவு ரூ. 6,00,000. தொழிலாளர்கள் கொடுத்த டோக்கன் பணத்தைக் கழித்தபின் கேன்டீனின் செலவு ரூ. 2,98,000. விறகு, ஃபயர்மேன் சம்பளம், தண்ணீர் சுத்திகரிப்பு எல்லாம் சேர்த்துப் பாய்லரின் செலவு ரூ. 16,22,000. மொத்தம் ரூ. 25,20,000. இந்தத் தொகையைத் தனியாக ஒரு தாளில் எழுதி வையுங்கள். கடைசிவரை சரிபார்க்க இதுதான் துணை.

இந்த மூன்று தொகைக்குள் என்ன வந்திருக்கிறது என்பதில் ஓர் எச்சரிக்கை. சாயப்பிரிவின் சாஃப்ட் ஃப்ளோ மெஷினுக்கு மட்டும் வாங்கிய பம்ப் சீல், பராமரிப்பு ஸ்டோர் வழியாக வந்தது என்பதற்காகப் பராமரிப்புச் செலவில் சேரக்கூடாது. எந்த மெஷினுக்கு என்று தெரிந்த பொருள் நேரே அந்தத் துறைக்கே போகட்டும். பொதுவாக எல்லோருக்கும் உழைக்கும் செலவு மட்டுமே பகிர்வுக்கு வர வேண்டும். இதைக் கவனிக்காவிட்டால் பின்னால் எந்த முறையில் பகிர்ந்தாலும் பயனில்லை.

யார் யாருக்கு எவ்வளவு வேலை செய்தார்கள்

ஒவ்வொரு சேவைக்கும் ஓர் அளவுகோல் வேண்டும். பராமரிப்புக்கு ஜாப் கார்டில் எழுதிய மணி நேரம், கேன்டீனுக்கு ஆள் எண்ணிக்கை, பாய்லருக்கு ஸ்டீம் டன். எங்கள் மாதத்தில் அது இப்படி இருந்தது:

| | பராமரிப்பு | கேன்டீன் | பாய்லர் | சாயம் | தையல் |
|---|---|---|---|---|---|
| பராமரிப்பு மணி | – | 20 | 280 | 350 | 350 |
| ஆட்கள் | 15 | – | 10 | 75 | 225 |
| ஸ்டீம் டன் | 0 | 20 | 0 | 900 | 100 |

கேன்டீனுக்கும் 20 டன் ஸ்டீம் போகிறது. இட்லியும் சாதமும் ஸ்டீமில்தான் வேகின்றன. அந்தப் பக்கம் பாய்லர் ஆட்கள் பத்துப் பேரும் கேன்டீனில்தான் சாப்பிடுகிறார்கள். ஒன்றுக்கொன்று கொடுத்து வாங்கும் இந்தச் சுற்றுதான் கணக்கைச் சிக்கலாக்குகிறது.

தன் துறைக்கே செய்துகொண்ட வேலை இந்தப் பட்டியலில் இல்லை. ஃபிட்டர்கள் தங்கள் லேத் மெஷினைச் சரி செய்த நேரம், கேன்டீன் ஆட்களே சாப்பிட்ட சாப்பாடு இரண்டையும் விட்டுவிட்டோம். அவற்றைச் சேர்த்தால் ஒரு பங்கு அந்தத் துறையிலேயே தங்கிப்போகும், செலவு முழுதாக வெளியேறாது.

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் இடறுவது பகிர்வில் அல்ல, இந்தப் பட்டியலைத் திரட்டுவதில்தான். பாய்லரின் மெயின் லைனில் ஸ்டீம் மீட்டர் இருக்கும், ஒவ்வொரு துறைக்கும் தனித்தனியாக இருக்காது. அப்போது அயர்னிங் டேபிள்களின் எண்ணிக்கையையும் ஓடிய நேரத்தையும் வைத்துத் தையலின் ஸ்டீமை மதிப்பிட்டு, கேன்டீனுக்கும் அப்படியே ஒரு மதிப்பீடு போட்டு, மீதியைச் சாயத்துக்கு எழுதுவோம். ஜாப் கார்டிலும் ஒரு பிரச்சினை உண்டு. ஓவர்லாக் மெஷினில் ஊசி மாற்றும் ஐந்து நிமிட வேலையை ஃபிட்டர் எழுதாமல் விட்டுவிடுவார், பாய்லர் டியூப் சுத்தம் செய்த நாள் முழுவதும் எழுதப்பட்டிருக்கும். ஒரு வாரம் ஃபிட்டர் கூடவே நடந்து பார்த்தால் கார்டு எவ்வளவு தூரம் உண்மை பேசுகிறது என்று தெரிந்துவிடும்.

நேரடி முறை: குறுக்கே போகும் எதையும் பார்க்காதே

நேரடி முறையில் மேலே உள்ள பட்டியலின் கடைசி இரண்டு பத்திகளை மட்டும் எடுத்துக்கொள்வோம். சேவைத் துறைகளின் பத்திகளை மூடிவிடுவோம்.

பராமரிப்பில் சாயத்துக்கு 350, தையலுக்கு 350. சரிபாதி. ரூ. 6,00,000 ஆளுக்கு ரூ. 3,00,000 ஆகப் பிரிகிறது. கேன்டீனில் 75-க்கு 225, கால் பங்கு முக்கால் பங்கு. ரூ. 2,98,000-இல் சாயத்துக்கு ரூ. 74,500, தையலுக்கு ரூ. 2,23,500. பாய்லரில் 900-க்கு 100. ரூ. 16,22,000-இல் சாயத்துக்கு ரூ. 14,59,800, தையலுக்கு ரூ. 1,62,200.

கூட்டினால் சாயத்துக்கு ரூ. 18,34,300, தையலுக்கு ரூ. 6,85,700. இரண்டும் சேர்ந்து ரூ. 25,20,000. தாளில் எழுதிய தொகையோடு ஒத்துப்போகிறது.

மூன்று வகுத்தல்களில் வேலை முடிந்துவிட்டது. எந்தத் துறையை முதலில் எடுத்தாலும் விடை மாறாது என்பது இந்த முறையின் பெரிய வசதி. ஆனால் பாய்லரில் கிடந்த 280 மணி நேரம் எங்கே போயிற்று? அந்த வேலையின் கூலியும் 350-க்கு 350 என்று பாதிப்பாதியாகப் பிரிந்துவிட்டது. தையல் மேனேஜர் பிடித்தது இந்த இடத்தைத்தான்.

ஸ்டெப்-டவுன்: ஒவ்வொரு துறையாக மூடிக்கொண்டு இறங்குவது

ஸ்டெப்-டவுன் முறையில் சேவைத் துறைகளை ஒரு வரிசையில் நிறுத்துகிறோம். முதலில் நிற்கும் துறை தன் செலவை மீதியுள்ள எல்லாத் துறைகளுக்கும், சேவைத் துறைகள் உட்பட, பிரித்துக் கொடுத்துவிட்டு மூடிக்கொள்ளும். மூடிய துறைக்குத் திரும்ப எதுவும் போகாது. அடுத்த துறை தன் சொந்தச் செலவோடு மேலேயிருந்து வந்ததையும் சேர்த்துக் கீழே இறக்கும். கடைசியில் உற்பத்தித் துறைகள் மட்டும் மிஞ்சும்.

அப்படியானால் யாரை முதலில் நிறுத்துவது? இந்த முறையின் விடை முழுக்க இந்தக் கேள்வியைப் பொறுத்தது. மற்றச் சேவைத் துறைகளுக்குத் தன் வேலையில் அதிகப் பங்கைக் கொடுக்கும் துறையே முன்னால் நிற்க வேண்டும். பராமரிப்பு தன் 1,000 மணியில் 300-ஐ, அதாவது 30 சதவீதத்தை, கேன்டீனுக்கும் பாய்லருக்கும் கொடுக்கிறது. கேன்டீன் 325 பேரில் 25 பேருக்கு, சுமார் 8 சதவீதம். பாய்லர் 1,020 டன்னில் 20 டன், 2 சதவீதம். எனவே பராமரிப்பு, கேன்டீன், பாய்லர் என்று வரிசை அமைகிறது.

சதவீதத்துக்குப் பதில் ரூபாயாகப் பார்த்தால் இரண்டாம் இடத்தில் ஓர் இழுபறி வரும். பாய்லர் கேன்டீனுக்குத் தரும் ஸ்டீமின் மதிப்பு சுமார் ரூ. 32,000. கேன்டீன் மற்ற இரண்டு சேவைத் துறைகளுக்குத் தருவது சுமார் ரூ. 23,000. நான் கேன்டீனை முன்னால் வைத்தேன், ஏனென்றால் அது இரண்டு சேவைத் துறைகளுக்கு உழைக்கிறது, பாய்லர் ஒன்றுக்குத்தான். தொகை இவ்வளவு நெருக்கமாக இருக்கும்போது எதைத் தேர்ந்தாலும் பெரிய தீங்கில்லை. தேர்ந்த காரணத்தை எழுதி வைத்து, எல்லா மாதமும் அதே வரிசையில் போக வேண்டும் என்பதுதான் முக்கியம். அமெரிக்காவில் மெடிகேர் திட்டத்துக்காக ஆஸ்பத்திரிகள் ஆண்டுதோறும் கொடுக்கும் செலவு அறிக்கையான சிஎம்எஸ்-2552-10 படிவம் இந்த ஸ்டெப்-டவுன் முறையில்தான் இயங்குகிறது. அங்கே துறைகளின் வரிசை படிவத்திலேயே அச்சாகியிருக்கும், நினைத்தபடி மாற்ற முடியாது.

இனி இறங்குவோம்.

முதல் படி பராமரிப்பு. ரூ. 6,00,000-ஐ 1,000 மணியால் வகுத்தால் மணிக்கு ரூ. 600. கேன்டீனுக்கு ரூ. 12,000, பாய்லருக்கு ரூ. 1,68,000, சாயத்துக்கு ரூ. 2,10,000, தையலுக்கு ரூ. 2,10,000. பராமரிப்பு மூடியாயிற்று.

இரண்டாம் படி கேன்டீன். இப்போது அதன் கையில் இருப்பது ரூ. 2,98,000 மட்டுமல்ல, வந்த ரூ. 12,000-ம் சேர்ந்து ரூ. 3,10,000. யாருக்குப் பிரிப்பது? பராமரிப்பு மூடிவிட்டதால் அந்த 15 பேரை எண்ணக்கூடாது. பாய்லர் 10, சாயம் 75, தையல் 225, ஆக 310 பேர். தலைக்கு ரூ. 1,000. பாய்லருக்கு ரூ. 10,000, சாயத்துக்கு ரூ. 75,000, தையலுக்கு ரூ. 2,25,000.

மூன்றாம் படி பாய்லர். சொந்தச் செலவு ரூ. 16,22,000, பராமரிப்பிலிருந்து ரூ. 1,68,000, கேன்டீனிலிருந்து ரூ. 10,000, ஆக மொத்தம் ரூ. 18,00,000. கேன்டீனும் மூடிவிட்டதால் அதன் 20 டன்னை விட்டுவிட்டு 900-க்கு 100 என்று பிரிக்கிறோம். சாயத்துக்கு ரூ. 16,20,000, தையலுக்கு ரூ. 1,80,000.

| | பராமரிப்பு | கேன்டீன் | பாய்லர் | சாயம் | தையல் |
|---|---|---|---|---|---|
| சொந்தச் செலவு | 6,00,000 | 2,98,000 | 16,22,000 | | |
| பராமரிப்பு இறங்கியது | −6,00,000 | 12,000 | 1,68,000 | 2,10,000 | 2,10,000 |
| கேன்டீன் இறங்கியது | | −3,10,000 | 10,000 | 75,000 | 2,25,000 |
| பாய்லர் இறங்கியது | | | −18,00,000 | 16,20,000 | 1,80,000 |
| மொத்தம் | 0 | 0 | 0 | 19,05,000 | 6,15,000 |

சாயத்துக்கு ரூ. 19,05,000, தையலுக்கு ரூ. 6,15,000. கூட்டினால் அதே ரூ. 25,20,000. நேரடி முறையோடு ஒப்பிட்டால் ரூ. 70,700 தையலிலிருந்து சாயத்துக்கு நகர்ந்திருக்கிறது.

அந்த மாதம் சாயம் ஏற்றிய துணி 1,40,000 கிலோ, தைத்த பீஸ் 1,00,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். சாயத்தில் கிலோவுக்கு ஏறத்தாழ 50 பைசா கூடுகிறது, தையலில் பீஸுக்கு 71 பைசா குறைகிறது. வெளிப் பார்ட்டிக்கு ஜாப் ஒர்க்காகச் சாயம் போட்டுக் கொடுக்கும் ஆலைக்கு இது வெறும் எண்ணல்ல. நேரடி முறையை நம்பி ரேட் போட்டால், பாய்லரைப் பழுது பார்த்த கூலியில் ஒரு பகுதியை வெளிப் பார்ட்டிக்குப் பதிலாக நம் சொந்த பீஸ்கள் சுமந்துகொண்டிருக்கும்.

ரூ. 70,700 எங்கிருந்து வந்தது

இந்தத் தொகையைப் பிரித்துப் பார்த்தால்தான் முறை மனதில் நிற்கும். வேறு எதை விட்டாலும் இந்தக் கணக்கை ஒருமுறை கையால் போட்டுப் பாருங்கள்.

பராமரிப்பிலிருந்து பாய்லருக்குப் போன ரூ. 1,68,000-ஐ எடுத்துக்கொள்வோம். நேரடி முறையில் அது பாதிப்பாதி, சாயத்துக்கு ரூ. 84,000. ஸ்டெப்-டவுனில் அது பாய்லர் வழியாகப் போகிறது. பாய்லர் பத்துக்கு ஒன்பது பங்கைச் சாயத்துக்குத் தருவதால் சாயத்துக்கு ரூ. 1,51,200. வித்தியாசம் ரூ. 67,200, சாயத்தின் பக்கம்.

பராமரிப்பிலிருந்து கேன்டீனுக்குப் போன ரூ. 12,000-ல் நேரடி முறை சாயத்துக்கு ரூ. 6,000 தந்தது. கேன்டீன் வழியாகப் போனால் சாயத்துக்குக் கால் பங்குதான், ரூ. 3,000. இங்கே சாயத்துக்கு ரூ. 3,000 குறைகிறது.

கேன்டீனிலிருந்து பாய்லருக்குப் போன ரூ. 10,000-ல் நேரடி முறையின் கால் பங்கு ரூ. 2,500, பாய்லர் வழியாக ரூ. 9,000. சாயத்துக்கு ரூ. 6,500 கூடுகிறது.

67,200-இல் 3,000 கழித்து 6,500 கூட்டினால் 70,700. ஒரு பைசா மிச்சமில்லை.

இதில் கவனிக்க வேண்டியது, சேவைத் துறைகளுக்குள் எவ்வளவு பணம் கைமாறியது என்பது மட்டும் போதாது, வாங்கிய துறை அதை எந்த விகிதத்தில் கீழே அனுப்புகிறது என்பதையும் பார்க்க வேண்டும். பாய்லரும் தன் ஸ்டீமைச் சாயத்துக்கும் தையலுக்கும் பாதிப்பாதியாகக் கொடுத்திருந்தால், ரூ. 1,68,000 எந்த வழியாகப் போனாலும் ரூ. 84,000-தான் சாயத்துக்கு வந்திருக்கும். அப்போது இரண்டு முறைகளுக்கும் வித்தியாசம் அநேகமாக இருக்காது. கொடுக்கும் துறையின் விகிதமும் வாங்கும் துறையின் விகிதமும் எட்டி நிற்கும்போதுதான் நேரடி முறை ஏமாற்றும். உங்கள் ஆலைக்கு ஸ்டெப்-டவுன் தேவையா என்று முடிவெடுக்க இந்த ஒரு சோதனை போதும்: குறுக்கே போகும் தொகையை அந்த விகித வித்தியாசத்தால் பெருக்கிப் பாருங்கள். வரும் தொகை உங்கள் ரேட்டை அசைக்கும் அளவுக்கு இருந்தால் ஸ்டெப்-டவுனுக்குப் போங்கள், இல்லாவிட்டால் நேரடி முறையிலேயே இருந்துவிடலாம்.

வரிசை தப்பினால்

பெரிய செலவு உள்ள துறையை முதலில் வை என்று சிலர் சொல்லித் தருவார்கள். எங்கள் ஆலையில் அப்படிச் செய்தால் என்னாகும்? பாய்லர் முதலில், அடுத்தது பராமரிப்பு, கடைசியில் கேன்டீன்.

பாய்லரின் ரூ. 16,22,000-ஐ 1,020 டன்னுக்குப் பிரித்தால் கேன்டீனுக்கு ரூ. 31,804, சாயத்துக்கு ரூ. 14,31,176, தையலுக்கு ரூ. 1,59,020. பாய்லர் மூடிவிட்டது. அடுத்து பராமரிப்பு. பாய்லரின் 280 மணியை இனி எண்ண முடியாது. மீதி 720 மணிக்குப் பிரிக்கும்போது, பாய்லரில் பார்த்த வேலை மறுபடியும் பாதிப்பாதியாகச் சாயத்துக்கும் தையலுக்கும் போய்விடுகிறது. கேன்டீனையும் இறக்கி முடித்தால் சாயத்துக்கு ரூ. 18,09,461, தையலுக்கு ரூ. 7,10,539.

நேரடி முறை சாயத்துக்கு ரூ. 18,34,300 தந்தது. ஸ்டெப்-டவுன் என்ற பெயரில் அதற்கும் கீழே இறங்கிவிட்டோம். எதைச் சரிசெய்யப் புறப்பட்டோமோ அந்தத் தவறு அப்படியே இருக்க, இட்லி வேகவைத்த ஸ்டீமின் செலவு கேன்டீன் வழியாகத் தையலின் மேல் புதிதாக ஏறிவிட்டது.

எது உண்மைக்கு நெருக்கம் என்று எப்படித் தெரியும்? மூன்று துறைகளும் ஒன்றுக்கொன்று கொடுத்து வாங்குவதை முழுதாக ஒத்துக்கொண்டு மூன்று சமன்பாடுகளை ஒரே நேரத்தில் தீர்க்கும் பரஸ்பர முறை உண்டு. அதில் போட்டுப் பார்த்தேன். சாயத்துக்கு ஏறத்தாழ ரூ. 18,88,100 வருகிறது. நேரடி முறை அதிலிருந்து சுமார் ரூ. 53,800 குறைவு. சரியான வரிசையில் போட்ட ஸ்டெப்-டவுன் சுமார் ரூ. 16,900 அதிகம். தப்பான வரிசை சுமார் ரூ. 78,600 குறைவு. நல்ல வரிசையில் போனாலும் ஸ்டெப்-டவுன் துல்லியமான விடை அல்ல, கேன்டீனுக்குப் போன ஸ்டீமை அது கடைசிவரை பார்ப்பதில்லை. ஆனால் கையால் போட்டு, தையல் மேனேஜரிடம் வரி வரியாக விளக்கிக் காட்ட முடிகிற முறைகளில் இதுதான் நெருக்கமானது.

எக்செல்லில் போடும் விதம்

B பராமரிப்பு, C கேன்டீன், D பாய்லர், E சாயம், F தையல் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2-ஆம் வரியில் சேவைத் துறைகளின் சொந்தச் செலவு, 3-இல் மணி, 4-இல் ஆட்கள், 5-இல் ஸ்டீம். 7, 8, 9-ஆம் வரிகளில் மூன்று படிகள். பத்திகளை நீங்கள் தேர்ந்த வரிசையிலேயே இடமிருந்து வலமாக அமைத்தால், ஒவ்வொரு படியும் தனக்கு வலப்பக்கம் இருப்பவர்களுக்கு மட்டுமே பிரிக்கும். கீழே இருப்பவை ஒவ்வொரு வரியின் முதல் கட்டத்துக்கானவை, C7, D8, E9. அங்கிருந்து F வரை இழுத்துவிடுங்கள்.

```
C7:  =$B$2*C3/SUM($C$3:$F$3)
D8:  =($C$2+$C$7)*D4/SUM($D$4:$F$4)
E9:  =($D$2+$D$7+$D$8)*E5/SUM($E$5:$F$5)
G10: =SUM(B2:D2)-SUM(E7:F9)
```

G10 பூஜ்யமாக வர வேண்டும். வராவிட்டால் மீதி நிற்கும் தொகையே பிழை எங்கே என்று காட்டிக்கொடுக்கும். நான் அடிக்கடி பார்த்த பிழைகள் இரண்டு. கேன்டீனைப் பிரிக்கும்போது மூடிவிட்ட பராமரிப்பின் 15 பேரையும் சேர்த்து 325-ஆல் வகுத்துவிடுவது ஒன்று. தலைக்கு ரூ. 1,000-க்குப் பதில் ரூ. 953.85 ஆகி, அந்த 15 பேரின் பங்கான ரூ. 14,308 யாருக்கும் போகாமல் தொங்கும். கேன்டீன் வாங்கியதை மறந்து ரூ. 2,98,000-ஐ மட்டும் பிரிப்பது இன்னொன்று. அப்போது சரியாக ரூ. 12,000 குறையும். ஏதோ ஒரு படியில் வந்த தொகையும் G10-இல் நிற்கும் தொகையும் ஒன்றாக இருந்தால், அந்தத் தொகையை வாங்கிய துறையின் ஃபார்முலாவைத் திறந்து பாருங்கள்.

பூஜ்யம் வந்துவிட்டது என்பதற்காக வரிசை சரி என்று ஆகிவிடாது. தப்பான வரிசையிலும் கூட்டுத்தொகை ரூ. 25,20,000-தான் வந்தது. வரிசையை இந்தச் சரிபார்ப்பால் பிடிக்க முடியாது, சேவைத் துறைகளுக்குப் போகும் சதவீதத்தைப் பார்த்துத்தான் பிடிக்க வேண்டும். ஆலையில் புது பாய்லர் வந்தாலோ, கேன்டீனைக் கேஸ் அடுப்புக்கு மாற்றினாலோ அந்தச் சதவீதங்களை மறுபடி போட்டுப் பாருங்கள்.

ஒரு விஷயத்தில் இந்த எண்களை இழுக்காதீர்கள். பாய்லரின் மொத்தச் செலவு ரூ. 18,00,000 என்று ஸ்டெப்-டவுன் காட்டுகிறது. வெளியிலிருந்து ஸ்டீம் வாங்கினால் ரூ. 18,00,000 மிச்சமாகும் என்று அதற்குப் பொருளில்லை. ஃபிட்டர்களின் சம்பளம் அப்போதும் போகும், கேன்டீன் சமையல்காரர் பத்துச் சாப்பாடு குறைந்ததற்காகப் பாதிச் சம்பளம் வாங்கப் போவதில்லை. அந்த முடிவுக்கு, உண்மையில் நிற்கப்போகும் செலவு எது என்று தனியாக எழுதிப் பார்க்க வேண்டும். ஸ்டெப்-டவுன் பொருளின் மேல் செலவை ஏற்றுவதற்கான முறை.

திருத்திய பட்டியலோடு தையல் மேனேஜரிடம் போனேன். ரூ. 70,700 இறங்கியதைப் பார்த்துவிட்டு அவர் கேட்டது, "அப்ப சாயத்துக்காரர் என்ன சொன்னாருங்க?" சாயப்பிரிவு மேனேஜர் அன்று மாலையே வந்துவிட்டார், ஜாப் கார்டுக் கட்டோடு. பாய்லருக்கு எழுதிய 280 மணியில் கேன்டீனுக்குப் போகும் ஸ்டீம் லைனில் வேலை பார்த்த நேரமும் சேர்ந்திருக்கிறது என்றார். எண்ணிப் பார்த்தோம். பதினோரு மணி நேரம் இருந்தது. அடுத்த மாதத்திலிருந்து அந்த லைனுக்குத் தனி ஜாப் நம்பர் போட்டோம்.